இன்குபேட்டர் கதவை மூடியபின்: ஐந்து நாள் சோதனைக்கு வாரத்தைத் திட்டமிடுவது

சோதனைக் குழாய்களை இன்குபேட்டரில் வைத்துக் கதவை மூடிவிட்டால் அப்புறம் 24 மணி நேரம் ஓய்வு என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு வேறு சந்தேகம்: "அஞ்சு நாள் ஆகும்ங்கறீங்களே, அஞ்சு நாளும் இதையேவா பார்த்துக்கிட்டு இருப்பீங்க?" இரண்டு நினைப்பும் பாதிதான் சரி. அந்த ஐந்து நாளில் இந்தச் சோதனைக்காக எங்கள் கை நிஜமாக அசைவது சில மணி நேரம்தான். ஆனால் மிச்ச நேரத்தில் எந்த வேலையை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாலுகாவில் வேலை பார்க்கிறேன். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துத் தோட்டக் கிணறுகளும் குழாய்க் கிணறுகளும்தான் எங்களுக்கு வரும் மாதிரிகளில் பெரும்பங்கு. அந்தத் தண்ணீரில் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, அதை ஒரு வாரத்துக்குள் எப்படிப் பொருத்துகிறோம், நடுவில் இருக்கும் நேரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

பாலுக்கு உறை ஊற்றுவதும் இன்குபேஷன்தான்

வீட்டில் ராத்திரி பாலில் உறை ஊற்றிவிட்டுப் படுக்கிறோம். ஊற்றுவது ஒரு நிமிட வேலை. அப்புறம் ஏழெட்டு மணி நேரம் நாம் ஒன்றும் செய்வதில்லை, பாக்டீரியா செய்கிறது. ஆனால் காலையில் அதை எடுத்துக் குளிரில் வைக்க ஒரு ஆள் வேண்டும். மறந்துபோய் மதியம் வரை விட்டால் புளித்துவிடும். மார்ச், ஏப்ரல் வெயிலில் அந்த நேரம் இன்னும் குறையும். எனவே எத்தனை மணிக்கு உறை ஊற்றுவது என்று முடிவு செய்யும்போதே, எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

ஆய்வகத்தில் இதற்கு இன்குபேஷன் என்று பெயர்: நுண்ணுயிர்களை ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு வளரவிடுவது. ஒரு வித்தியாசம் உண்டு. தயிரை ஃபிரிஜ்ஜில் வைத்துக் கொஞ்சம் நேரம் வாங்கலாம். நான் சொல்லப்போகும் சோதனையில், தொடங்கிய பிறகு அப்படி நிறுத்தி வைக்க இடமே இல்லை.

சோதனை நடக்கும் விதம்

தண்ணீரில் கோலிஃபார்ம் இருக்கிறதா, இருந்தால் ஏறக்குறைய எவ்வளவு என்று பார்க்கிறோம். கோலிஃபார்ம் என்பது மனிதர், விலங்குகளின் குடலிலும் மண்ணிலும் இருக்கும் ஒரு பாக்டீரியாக் கூட்டம். அதில் மலத்தோடு நெருங்கிய தொடர்புள்ள உறுப்பினர் ஈ. கோலை. குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, சொல்வது நேரடியானது: எந்த 100 மில்லி மாதிரியிலும் இவை தென்படக் கூடாது.

ஒரு கிணற்றின் தண்ணீருக்கு 15 குழாய்கள். அவற்றில் லாரில் டிரிப்டோஸ் பிராத் என்ற ஊட்டத் திரவம் இருக்கும். 5 குழாய்களில் 10 மில்லி தண்ணீர், 5 குழாய்களில் 1 மில்லி, 5 குழாய்களில் 0.1 மில்லி என்று விடுகிறோம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தலைகீழாக ஒரு குட்டிக் குழாய் கிடக்கும். அதுதான் டர்ஹாம் குழாய். பாக்டீரியா பிராத்தில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயு விட்டால், அது டர்ஹாம் குழாயின் உச்சியில் குமிழாகச் சிக்கிக்கொள்ளும்.

இந்த முதல் கட்டம் 35 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. 24 மணி நேரத்தில் ஒருமுறை பார்க்கிறோம். வாயு வந்த குழாய்களிலிருந்து ஒரு வளையக் கம்பியால் தொட்டு எடுத்து, இரண்டு வேறு குழாய்களுக்கு மாற்றுகிறோம். வாயு வராத குழாய்களைத் திரும்ப உள்ளே வைத்து 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்கிறோம். அப்போது வாயு வந்தவற்றையும் அதேபோல மாற்றுகிறோம்.

மாற்றும் இரண்டு குழாய்களில் ஒன்று பச்சை நிறமான பிரில்லியன்ட் கிரீன் பிராத். அது மறுபடி 35 டிகிரியில் 48 மணி நேரம். கோலிஃபார்ம்தானா என்று உறுதி செய்வது அதன் வேலை. மற்றது இ.சி. பிராத். அது 44.5 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 24 மணி நேரம். அந்தச் சூட்டிலும் வாயு விடுபவை மலத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: முதல் கட்டம் 48 மணி நேரம் வரை, அதற்குப் பின் உறுதிக் கட்டம் இன்னொரு 48 மணி நேரம் வரை. சேர்த்து 96 மணி நேரம். நடுவே நாலைந்து இடங்களில் ஆள் வந்து நின்றாக வேண்டும்.

கெடு எவ்வளவு அகலம்?

'24 மணி நேரம்' என்றால் கடிகார முள் சரியாக அங்கே வந்து நிற்கும்போது என்று பொருளல்ல. முறையேட்டில் 24 மணி நேரத்துக்கு முன்பின் 2 மணி, 48 மணி நேரத்துக்கு முன்பின் 3 மணி என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தை நான் கெடு என்று சொல்கிறேன். காலை 11:30க்கு வைத்த குழாயின் 24 மணிக் கெடு மறுநாள் 9:30க்குத் திறந்து 1:30க்கு மூடும். அதன் 48 மணிக் கெடு அதற்கடுத்த நாள் 8:30 முதல் 2:30 வரை.

கெடுவை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அரைநாள் கூட விட்டால் பாக்டீரியா இன்னும் நன்றாகத்தானே வளரும் என்பது அவர்கள் வாதம். வளர்ந்துகொண்டே இருக்காது என்பதுதான் பதில். சர்க்கரையைப் புளிக்கவைக்கும்போது வாயுவோடு அமிலமும் சேர்கிறது. வாயு வந்த குழாயை அப்படியே போட்டுவைத்தால், தான் விட்ட அமிலத்திலேயே அது நலிந்துபோகும். நலிந்ததைத் தொட்டு எடுத்துப் பச்சை பிராத்துக்கு மாற்றினால் அங்கே எழும்பாமல் போகலாம். கிணறு கெட்டிருக்கும், நம் தாளோ நல்ல தண்ணீர் என்று சொல்லும். ஒரு தொகுதியில் முதல் கட்டத்தில் நிறைய வாயு, உறுதிக் கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று வந்தால், முதலில் நான் பதிவேட்டில் பார்ப்பது மாற்றிய நேரத்தைத்தான். மண்ணில் வாழும் வேறு பாக்டீரியாக்களும் முதல் கட்டத்தில் வாயு விட்டிருக்கலாம், அதுவும் ஒரு காரணம். ஆனால் நேரம் தப்பியிருந்தால் எது காரணம் என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

48 மணியைத் தாண்டி வரும் வாயுவைக் கணக்கில் எடுப்பதில்லை. நேரம் போகப்போக, கோலிஃபார்ம் அல்லாத சோம்பேறிகளும் மெல்ல வாயு விடத் தொடங்கும்.

ஆக, காத்திருப்பு என்பது வெறும் இடைவெளி அல்ல. அதன் ஒரு முனையை நாம் தேர்ந்தெடுக்கிறோம். மறுமுனை தானாக ஓரிடத்தில் போய் விழுகிறது. திட்டமிடுவது என்றால் அந்த மறுமுனைகள் எல்லாம் ஆள் இருக்கும் நேரத்தில் விழும்படி முதல் முனையை நகர்த்துவதுதான். நடுவில் என்ன செய்யலாம் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

எந்தக் கிழமை, எத்தனை மணி

96 மணி நேரம் என்பது நான்கு முழு நாள். திங்கள் தொடங்கினால் வெள்ளி முடியும். செவ்வாய் தொடங்கினால் சனியில் போய் முடியும். புதன் தொடங்கினால் ஞாயிறு. எல்லாக் குழாயும் முதல் நாளிலேயே வாயு விட்டுவிட்டால் ஒரு நாள் முன்பே முடியும், உண்மைதான். ஆனால் வைக்கும்போது அது நமக்குத் தெரியாது. எனவே நீண்ட வழியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். சனி, ஞாயிறு ஆளில்லாத ஆய்வகத்துக்கு இந்தச் சோதனையைத் தொடங்க வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

மணி? எங்கள் ஆய்வகம் 9:30க்குத் திறக்கிறது, 5 மணிக்கு மூடுகிறது. திங்கள் 9:30க்கே குழாய்களை உள்ளே வைத்தால் மறுநாள் கெடு 7:30க்குத் திறந்து 11:30க்கு மூடிவிடும். நான்கு மணி நேரக் கெடுவில் முதல் பாதி யாருக்கும் பயன்படாமல் போகிறது. பஸ் தாமதமானாலோ மழை கொட்டினாலோ மிச்சப் பாதியும் நெருக்கும். 11:30க்கு வைத்தால் கெடு முழுவதும் வேலை நேரத்துக்குள் விழுகிறது. மாதிரிகள் வந்துசேரவும், பதிவு செய்யவும், காலை நேரம் கிடைக்கிறது. பிற்பகல் 4 மணிக்கு வைத்தாலோ, கெடு 2 மணிக்குத் திறக்கும். 5 மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டிய நாளில், மாற்றும் வேலை முழுவதும் அந்த மூன்று மணிக்குள் அடைய வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நேரம் கொஞ்சம் பின்னுக்கு நழுவும். 11:30க்குப் பார்க்கத் தொடங்கினால் மாற்றி முடிக்க 1 மணி ஆகும். அடுத்த நாள் கெடு அந்த 1 மணியிலிருந்து எண்ணப்படும். இப்படியே விட்டால் வியாழக்கிழமை மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போய்விடும். அதற்காகத்தான் கெடுவின் முன்பக்கத்தைப் பயன்படுத்துகிறோம்: செவ்வாய் 23 மணி நேரத்திலேயே, அதாவது 10:30க்கே, பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். அதில் தப்பொன்றும் இல்லை. அப்போது வாயு காட்டாத மந்தமான குழாய் எப்படியும் 48 மணியில் மறுபடி பார்வைக்கு வரும்.

தடுக்கும் இடம் இன்குபேட்டர் அல்ல

"இன்குபேட்டர்ல இன்னும் ரெண்டு தட்டு காலியா இருக்கே அக்கா, எட்டுக் கிணறு வைக்கலாமே?" என்று ஒரு பயிற்சி மாணவி கேட்டாள். இடத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. பார்க்க வேண்டியது செவ்வாய்க்கிழமைக் காலையை.

நான்கு கிணறு வைத்தால் 60 குழாய். மழைக்காலம் முடிந்த கையோடு திறந்த கிணறுகளிலிருந்து வரும் தண்ணீரில் பெரும்பாலான குழாய்கள் முதல் நாளே வாயு காட்டிவிடும். ஆக மோசமான நிலையில் 60 குழாயையும் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு குழாய்க்கு, மொத்தம் 120 புதுக் குழாய். கம்பியைச் சுட்டு, ஆறவிட்டு, தொட்டு, இரண்டிலும் விட்டு, எண் சரிபார்த்து வைக்கப் பழகிய கைக்கே ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதாவது ஒன்றேகால் மணி நேரம். இதில் இன்னொரு கட்டு இருக்கிறது: இ.சி. பிராத்தில் விட்ட குழாய் 30 நிமிடத்துக்குள் வெந்நீர்த் தொட்டிக்குள் போய்விட வேண்டும். வெளியே சும்மா நின்றால் 44.5 டிகிரி தாங்காத பாக்டீரியாவும் வளர ஆரம்பித்துவிடும். அப்புறம் அந்தச் சூட்டுக்கு அர்த்தமில்லை. எனவே 60ஐயும் ஒரே மூச்சில் மாற்றக் கூடாது. இருபது இருபதாக மாற்றி, தொட்டியில் இறக்கி, ஸ்டாண்டில் அந்த நேரத்தை எழுதி, அடுத்த இருபதுக்குப் போக வேண்டும்.

எட்டுக் கிணறு என்றால் இது 120 குழாய். இரண்டரை மணி நேரத்துக்கு மேல், ஒரே ஆள், ஒரே சுடர். கெடு 1:30க்கு மூடுகிறது. 10:30க்கு உட்கார்ந்தாலும் நடுவில் ஒரு போன் வந்தால் போயிற்று. ஆக, எத்தனை கிணறு வைக்கலாம் என்பதைத் திங்கட்கிழமை இன்குபேட்டரில் உள்ள காலியிடம் தீர்மானிப்பதில்லை. செவ்வாய் காலை இரண்டு கை எவ்வளவு மாற்றும் என்பதே தீர்மானிக்கிறது. எங்களுக்கு ஒரு ஆளுக்கு நான்கு, மிஞ்சிப்போனால் ஐந்து. கோடையில், மூடிபோட்ட குழாய்க் கிணறுகள் மட்டும் என்றால் கொஞ்சம் கூட்டலாம்.

இடைவெளியில் எந்த வேலை பொருந்தும்

இப்போது நிரப்புகிற வேலைகளுக்கு வருவோம். ஒரு வேலை இடைவெளியில் பொருந்துமா என்று பார்க்க நான் மூன்று விஷயம் பார்ப்பேன். கெடு திறக்கும்போது அதைக் கீழே போட்டுவிட்டு வர முடியுமா? முடியாதென்றால், கெடுவுக்கு முன்பே அது கண்டிப்பாக முடிந்துவிடுமா? அந்த வேலைக்கு வேண்டிய கருவி, இந்தச் சோதனை பிடித்துவைத்திருக்கும் கருவியேதானா?

குழாய் கழுவுவது, எண் ஒட்டுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். இவை எங்கும் பொருந்தும். சின்னச் சின்னக் கணக்கு வேலைகளும் அப்படித்தான். இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

அதே கிணறுகளின் வேதிச் சோதனைகள் பிற்பகலுக்கு நல்ல துணை. கடினத்தன்மை, குளோரைடு போன்றவற்றை டைட்ரேஷன் செய்து பார்ப்பது ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்கள். ஒரு மாதிரி முடிந்ததும் எழுந்துவிடலாம். கிழக்குப் பாலக்காட்டின் ஆழ்குழாய்க் கிணறுகளில் ஃப்ளூரைடு ஒரு தெரிந்த பிரச்சினை, அதனால் அதையும் எப்படியும் பார்க்க வேண்டியிருக்கிறது. செவ்வாய் பிற்பகல் முழுவதும் இதற்கே போகும்.

பிராத்தை அழுத்த நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் வேறு வகை. 121 டிகிரியில் 15 நிமிடம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அரைமணி இடைவெளியில் அதை நுழைப்பவர்கள் உண்டு. சூடேற, பிடிக்க, அழுத்தம் தானாக இறங்க, எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். நடுவில் கெடு வந்துவிட்டதே என்று அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிட்டால் பிராத் கொதித்து மூடியை நனைக்கும். டர்ஹாம் குழாயில் காற்றும் தங்கிவிடும். அடுத்த வாரம் அது வாயுவா, பழைய காற்றா என்று தெரியாமல் விழிக்க வேண்டும். எனவே அது வியாழக்கிழமை வேலை.

வியாழன் ஏன்? வார நடுவில் ஓய்வு இருக்கும் என்று எல்லோரும் புதனில் வேலையைக் கொண்டுவந்து போடுகிறார்கள். ஆனால் இந்தச் சோதனையில் புதன்தான் மிகக் கனமான நாள். செவ்வாய் மாற்றிய இ.சி. குழாய்களின் 24 மணியும், முதல் கட்டத்தின் 48 மணியும் ஒரே காலையில் விழுகின்றன. வாயு வந்தவற்றை மறுபடி மாற்ற வேண்டும். வியாழனன்று பார்ப்பது மட்டும்தான்: புதன் மாற்றிய இ.சி. குழாய்கள், செவ்வாய் மாற்றிய பச்சைக் குழாய்கள். மாற்றுவது எதுவும் இல்லை. அரைமணியில் முடிந்துவிடும். மிச்ச நாள் முழுவதும் அடுத்த வாரத்துக்கான பிராத் தயாரிக்கலாம்.

அப்படித் தயாரித்த குழாய்களை ஃபிரிஜ்ஜில் வைக்காமல், வெளிச்சம் படாத அலமாரியில் அறை வெப்பத்திலேயே வைக்கிறோம். குளிரில் பிராத் கூடுதல் காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும். பிறகு 35 டிகிரிக்குப் போனதும் அந்தக் காற்று வெளியேறி டர்ஹாம் குழாயில் குமிழாக நிற்கும். ஃபிரிஜ்ஜில் வைத்திருந்தால் முதல்நாள் ராத்திரியே வெளியே எடுத்துவைத்து, காலையில் குமிழ் உள்ளவற்றைக் கழிக்க வேண்டும். திங்கள் தொடங்கும் சோதனைக்கு முதல்நாள் என்பது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து ஃபிரிஜ்ஜைத் திறக்க வேண்டியதில்லை என்பதற்காகவே அலமாரி.

இதுவரையில்: செவ்வாய் காலை மாற்றும் வேலை, புதன் எதையும் சேர்க்கக் கூடாத நாள், வியாழன் பிராத் தயாரிக்கும் நாள். வெள்ளி காலை கடைசிப் பச்சைக் குழாய்களைப் பார்த்து, எத்தனை குழாயில் வாயு வந்தது என்பதை வைத்து அட்டவணையில் பாக்டீரியா எண்ணிக்கையைக் கண்டு, அறிக்கை எழுதுகிறோம். அந்தப் பிற்பகல் காலி.

வெள்ளிக்கிழமை வைக்கக்கூடிய இன்னொரு காத்திருப்பு

அந்தக் காலியில் பி.ஓ.டி. வந்து உட்காருகிறது. பி.ஓ.டி. என்பது தண்ணீரில் கலந்த கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற அளவு. ஆற்று நீர், கழிவு நீர் மாதிரிகளுக்கு இது வேண்டும். இந்தியாவில் இதை 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. பழைய பாடப்புத்தகங்களில் உள்ள 20 டிகிரி, 5 நாள் முறையை விட இது நம் வாரத்துக்கு வசதி: வெள்ளி பிற்பகல் 2:30க்குப் புட்டிகளை மூடி உள்ளே வைத்தால் திங்கள் பிற்பகல் 2:30க்கு எடுக்கலாம். சனி, ஞாயிறு இரண்டையும் காத்திருப்பு விழுங்கிக்கொள்கிறது. நடுவில் யாரும் வர வேண்டாம்.

திங்கள் காலை கிணற்று நீர்க் குழாய்கள், பிற்பகல் பி.ஓ.டி. டைட்ரேஷன். இரண்டும் மோதுவதில்லை. பி.ஓ.டி.க்குத் தனி இன்குபேட்டர் இருப்பதால் கருவியிலும் மோதல் இல்லை. வெள்ளியன்று காலையிலேயே, அறிக்கை எழுத உட்காரும் முன், நீர்த்துவதற்கான தண்ணீரில் காற்றை ஓடவிட்டுவிட வேண்டும், அது மட்டும் மறக்கக் கூடாது.

பால் சோதனை இப்படிப் பொருந்தவில்லை. பக்கத்துப் பால் சங்கங்களுக்காக மெத்திலீன் புளூ சோதனை கேட்பார்கள். பாலில் நீலச் சாயம் கலந்து 37 டிகிரியில் வைத்து, எத்தனை நேரத்தில் நீலம் மறைகிறது என்று பார்ப்பது. பாக்டீரியா அதிகம் என்றால் சீக்கிரம் மறையும். நல்ல பால் 5 மணி நேரமும் தாங்கும். பார்த்தால் நீண்ட காத்திருப்பாகத் தெரிகிறது. ஆனால் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எப்போது மறையும் என்பது முன்கூட்டித் தெரியாது. மறுமுனை எங்கே விழும் என்று தெரியாத காத்திருப்பை, கெடு உள்ள இன்னொரு காத்திருப்புக்குள் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. அதோடு, எங்களிடம் இருப்பது ஒரே வெந்நீர்த் தொட்டி. செவ்வாய் முதல் வியாழன் வரை அது 44.5 டிகிரியில் நின்றாக வேண்டும், 0.2 டிகிரிதான் முன்பின் போகலாம். அதைப் பாலுக்காக 37க்கு இறக்கிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று யாரும் கையை வைக்கக் கூடாது. பாலுக்குத் திங்கள் அல்லது வெள்ளி மட்டும்தான்.

கரண்டும் ஹர்த்தாலும்

கரண்ட் போனால் போன நேரத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். முடியாது. இன்குபேட்டர் ஆறும்போது பாக்டீரியா நின்றுவிடுவதில்லை, மெதுவாகிறது. எவ்வளவு மெதுவாகியது என்று நமக்குத் தெரியாததால் சேர்க்க வேண்டிய நேரமும் தெரியாது. உள்ளே அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால், இரவில் எவ்வளவு இறங்கியது என்று காலையில் தெரியும். கதவைத் திறக்காமல் விட்டால் கொஞ்ச நேரக் கரண்ட் தடையில் பெரிதாக இறங்காது. வெந்நீர்த் தொட்டிக்குத்தான் ஆபத்து அதிகம், மூடியைப் போட்டே வைக்க வேண்டும். வெப்பம் எல்லையை விட்டு நீண்ட நேரம் வெளியே போயிருந்தால் அந்தத் தொகுதியை அறிக்கையாகக் கொடுக்காமல் புது மாதிரி கேட்பதே நல்லது.

ஒவ்வொரு தொகுதியிலும் தண்ணீர் விடாத குழாய் ஒன்றும், ஈ. கோலை என்று தெரிந்ததை விட்ட குழாய் ஒன்றும் வைப்போம். முதலாவதில் குமிழ் வந்தால் குழாய் தயாரித்ததில் கோளாறு. இரண்டாவதில் வாயு வராவிட்டால் பிராத்திலோ வெப்பத்திலோ கோளாறு. இரண்டும் சரியாக இருந்தும் முடிவு விநோதமாக வந்தால் நேரங்களைத் தேட வேண்டும்.

விடுமுறைகளை முன்னாலேயே பார்த்துவிடலாம். ஓணம் வாரத்தில் தொடங்கவே மாட்டோம். தைப்பொங்கலுக்கு எல்லை மாவட்டங்களில் பாலக்காட்டுக்கும் உள்ளூர் விடுமுறை உண்டு, தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இதை மறந்துவிட்டு, அந்த வாரத் திங்களில் வைத்துவிடுவார்கள். ஹர்த்தால் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சோதனை ஓடும்போது அறிவித்தால், நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவர் 10 மணிக்கு வந்து பார்த்து மாற்றிவிட்டுப் போவது என்று வைத்திருக்கிறோம். அவர் மற்றொருவரின் கையெழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வைத்த நேரத்தை மட்டும் எழுதுவதில்லை, கெடு திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் சேர்த்தே எழுதுகிறோம். அன்றைக்குக் கணக்குப் போட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்காது.

வெள்ளிக்கிழமை வரும் புட்டி

இத்தனையும் சேர்ந்துதான், வெள்ளிக்கிழமை தண்ணீர் கொண்டுவருபவரை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம். அவருக்குக் கோபம் வரும், நியாயம்தான். பொள்ளாச்சி ரோட்டில் வெயிலில் பஸ் பிடித்து வந்திருப்பார். "ஃபிரிஜ்ஜில வெச்சிருந்து திங்கக்கிழமை பாருங்களேன்" என்பார்.

எடுத்த தண்ணீரை 6 மணி நேரத்துக்குள் சோதனையில் வைப்பது நல்லது. குளிரில் வைத்தாலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் உள்ளே இருக்கும் பாக்டீரியா சாகவும் செய்யலாம், சில பெருகவும் செய்யலாம். வரும் எண் கிணற்றின் எண்ணாக இருக்காது, ஃபிரிஜ்ஜில் கிடந்த புட்டியின் எண்ணாகத்தான் இருக்கும். வெள்ளியே வைத்தால் முதல் பார்வை சனியில் விழும், மறுபார்வை ஞாயிறில்.

அதனால் அவரிடம் கிருமிநீக்கம் செய்த வெறும் புட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறோம். திங்கள் காலை ஏழு, ஏழரைக்கு எடுத்து, ஐஸ் போட்ட பையில் வைத்து, 10 மணிக்குள் கொண்டுவந்தால் போதும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் முன்பே சொல்ல வேண்டும். அதற்கு, குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் போட்ட புட்டி தனியாக இருக்கிறது.